கல்யாணப் படம் போனுக்கு வரும் வழி

முன்பணம் வாங்கி ரசீது எழுதும்போதே அதோடு ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஒன்றரைப் பக்கம். கல்யாண வீட்டார் அதை அப்போது படிப்பதில்லை; மடித்துப் பத்திரிகைக் கட்டுக்குள் செருகிவிடுவார்கள். கல்யாணம் முடிந்து மறுவீடும் ஆன பிறகு, “தம்பி, நீங்க ஏதோ ஒரு பேப்பர் குடுத்தீங்களே” என்று போன் வரும். அன்றைக்குத்தான் அதற்கு வேலை.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருபத்தைந்து வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஃபிலிம் காலத்தில் இப்படி ஒரு கடிதமே தேவைப்படவில்லை. ஆல்பத்தைக் கையில் கொடுத்தோம், நெகட்டிவ் கவரையும் சேர்த்துக் கொடுத்தோம், மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தோம். கொடுத்தது என்ன என்று இரண்டு பேருக்கும் கண்ணால் தெரிந்தது. இப்போது கொடுப்பது ஒரு லிங்க்கும் ஒரு பென் டிரைவும். ஒரே படம் நான்கு அளவுகளில், நான்கு இடங்களில் இருக்கிறது. அதில் எது ஒரிஜினல், எது போனில் பார்ப்பதற்கு மட்டும் ஆனது என்று கல்யாண வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டால் பிறகு வருத்தம் வருகிறது. எனக்கு வந்த வருத்தங்களிலிருந்துதான் இந்தக் கடிதமே வரிவரியாக வளர்ந்தது.

அது இப்படித் தொடங்குகிறது:

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் மகளின் திருமணத்தில் எடுக்கும் படங்களை எப்படி நகலெடுத்து வைக்கிறோம், அவை எந்த நாளில் எந்த வடிவில் தங்கள் போனுக்கு வந்து சேரும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கிறேன். முகூர்த்தம் முடிந்த அன்றிரவே எல்லாப் படங்களும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றப்படும். அந்த வேலை முடிந்து சரிபார்க்கும் வரை கேமரா கார்டுகள் எதையும் அழிக்க மாட்டோம். இடையில் யார் கேட்டாலும் கார்டைக் கழற்றித் தர இயலாது, மன்னிக்கவும்.”

கடைசி வரி கொஞ்சம் கறாராக இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். இருக்கட்டும். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் லேப்டாப்போடு வருவார். “அண்ணே, கார்டைக் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல காப்பி பண்ணிட்டுத் தந்துடறேன்” என்பார். நல்ல பையன்தான். ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கார்டில் இருப்பது ஒரே ஒரு முறை நடந்த காரியம். ‘காப்பி’ என்பதற்குப் பதில் ‘கட்’ என்று விரல் பட்டாலோ, பாதியில் கார்டை இழுத்தாலோ, தாலி கட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒரு கல்யாணத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். என்னோடு இன்னொருவர், ஆக இரண்டு கேமரா. இரண்டு பேரும் சேர்ந்து சுமார் 3,200 படம் எடுப்போம். எங்கள் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது ஒரு படத்தில் குறுக்கே 6000, நெடுக்கே 4000 புள்ளிகள். அதைக் கேமரா பதப்படுத்தாமல் அப்படியே எழுதி வைக்கும் ‘ரா’ கோப்பு ஒன்று ஏறக்குறைய 28 எம்பி வருகிறது. மொத்தம் 90 ஜிபி. கேமராவில் இரண்டு கார்டு போடும் இடம் இருக்கிறது. எடுக்கும்போதே ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும்படி வைத்துவிடுவோம். ஒரு கார்டு கெட்டாலும் மற்றது காப்பாற்றும்.

இரவு வீட்டுக்கு வந்ததும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அடுத்ததிலும் ஏற்றி, இரண்டாவதை மறுநாள் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று இதற்கு ஒரு கணக்கு உண்டு. கணினித் துறைக்காரர்கள் இதை ‘3-2-1’ என்பார்கள். இதைச் சொல்லிப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் என்பதில் எங்கள் தொழிலுக்கு ஒரு சின்னப் பெருமை.

ஏற்றியது சரியாக ஏறிற்றா என்று பார்க்க, இரண்டு இடத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். வெறும் எண்ணிக்கை போதாது. பாதியில் அறுந்த கோப்பும் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் வரும்.

எண்ணிக்கை ஒருமுறை என் மானத்தைக் காப்பாற்றியது. இரண்டு கேமராவும் ஒரே கம்பெனி. படங்களுக்கு DSC_0001 என்று தொடங்கி DSC_9999 வரை தானே பெயர் வைக்கும். அதற்கு மேல் மறுபடி 0001. என் கேமராவிலும் உதவியாளர் கேமராவிலும் DSC_4512 என்று ஒரு படம் இருந்தது. என்னுடையது மாங்கல்யதாரணம், அவருடையது வாசலில் சந்தனம் கொடுத்த பெண்கள். இரண்டையும் ஒரே கோப்புறையில் கொட்டியபோது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டது. தூக்கக் கலக்கத்தில் “Replace the files in the destination” என்பதைத் தட்டிவிட்டேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, வேலை சுத்தமாக முடிந்தது. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட நானூறு படம் குறைகிறது. தாலி கட்டும் படத்தின் மேல் சந்தனக் கிண்ணம் உட்கார்ந்திருந்தது. கார்டுகளை அழிக்காமல் வைத்திருந்ததால் திரும்ப எடுத்தேன். அன்றிலிருந்து கேமராவிலேயே பெயரின் முதல் மூன்று எழுத்தை ஆளுக்கு ஒன்றாக மாற்றி வைத்துவிட்டோம்.

கூடவே இன்னொன்று: மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே போனைப் பார்த்துத் திருத்துவோம். ஒன்று ஏழு நிமிடம் முந்தி ஓடினால், போன் கேலரியில் படங்கள் நேர வரிசையில் அடுக்கும்போது, தாலி கட்டுவதற்கு முன்பே அட்சதை விழுந்துவிடும்.

இனிக் கடிதத்தின் இரண்டாவது பத்தி. இதுதான் போனுக்கு வருவது பற்றியது.

“எடுத்த படங்களில் கண் மூடியவை, அசைந்தவை, ஒரே மாதிரி திரும்ப வந்தவை நீக்கி, நிறம் சரிசெய்த சுமார் 800 படங்களைத் தருவோம். அவை PHONE, PRINT என்று இரண்டு கோப்புறைகளில் இருக்கும். இரண்டிலும் அதே 800 படங்கள்தான். PHONE போனில் பார்க்கவும் உறவினர்களுக்கு அனுப்பவும். PRINT ஆல்பம், ஃபிரேம், பேனர் எதற்கு அச்சடித்தாலும் கொடுப்பதற்கு. PHONE கோப்புறை பத்தாவது நாள் லிங்க்காக வரும். PRINT கோப்புறை அதே லிங்க்கிலும், பென் டிரைவிலும் முப்பதாவது நாள் வரும்.”

ஏன் இரண்டு, ஒன்றாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். பெரியதிலேயே சிறியது அடங்கும் என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான், ஆனால் போன் அதற்கு இடம் கொடுக்காது. அச்சுக்கான ஜேபெக் ஒன்று சுமார் 9 எம்பி. 800 படத்துக்கு 7.2 ஜிபி. தினமும் ஒன்றரை ஜிபி கிடைக்கும் ரீசார்ஜ் போட்டிருக்கும் ஒரு சித்தப்பா அதை இறக்கினால் ஐந்து நாள் டேட்டா அதற்கே போய்விடும். போனிலும் இடம் நிறைந்துவிடும். அத்தனையும் செலவழித்து அவர் காண்பது என்ன? இன்று பலர் கையில் இருக்கும் போனின் திரை குறுக்கே 1080, நெடுக்கே 2400 புள்ளி. அதில் 6000 புள்ளிப் படத்தைக் காட்டினாலும் திரை தன்னிடம் இருக்கும் புள்ளிகளைத்தானே காட்டும். அதனால் PHONE கோப்புறையில் படத்தின் நீண்ட பக்கத்தை 2400 புள்ளியாகக் குறைத்துவிடுகிறேன். ஒரு படம் ஏறக்குறைய 1 எம்பி; 800-ம் சேர்ந்து 800 எம்பி. ஒரு நாள் டேட்டாவுக்குள் அடங்கிவிடும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுங்கள் என்றால் எனக்கே கஷ்டம்.

நிறத்தையும் இங்கேதான் கவனிக்க வேண்டும். அச்சு வேலைக்கென்று ‘அடோபி ஆர்ஜிபி’ என்ற விரிந்த நிறவெளியில் படத்தை வைப்பவர்கள் உண்டு. அதை அப்படியே போனுக்கு அனுப்பினால், அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத செயலிகளில் அரக்குப் பட்டு வெளுத்து, துவைத்துப் போட்ட சேலை மாதிரி ஆகிவிடும். போனுக்குப் போவது எல்லாம் ‘எஸ்ஆர்ஜிபி’யில் இருக்க வேண்டும். இது கல்யாண வீட்டார் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை, எங்கள் வேலை. ஆகவே கடிதத்தில் எழுதவில்லை.

மூன்றாவது பத்திதான் கடிதத்தின் உயிர். அதைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறேன்.

“வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஒரிஜினல் அல்ல. பார்த்து மகிழ மட்டுமே. அச்சடிக்க வேண்டிய எந்தப் படத்தையும் வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து எடுக்க வேண்டாம்.”

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது என்று பொதுவாக எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுருக்குகிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. சாதாரணமாக அனுப்பும்போது நீண்ட பக்கம் சுமார் 1600 புள்ளிக்கு வந்துவிடும். 6000-க்கு 4000 இருந்த படம் 1600-க்கு 1067 ஆகிறது. பெருக்கிப் பார்த்தால் 2 கோடியே 40 லட்சம் புள்ளி 17 லட்சமாகிறது. பதினான்கில் ஒரு பங்கு. 9 எம்பி இருந்த கோப்பு இருநூறு, முந்நூறு கேபியாக வந்து நிற்கும். எடுத்த தேதியும் நேரமும் கோப்பிலிருந்து உதிர்ந்துவிடும். அதனால்தான் சித்தி அனுப்பிய படங்கள் உங்கள் கேலரியில் முகூர்த்த நாளில் போய்ச் சேராமல், அவர் அனுப்பிய ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்திருக்கின்றன.

2023 ஆகஸ்டில் ‘எச்டி’ என்று ஒரு வசதி வந்தது. அதைத் தொட்டு அனுப்பினால் படம் பெரியதாகப் போகும், ஆனால் அதுவும் சுருக்கித்தான் போகும். ஒன்றும் குறையாமல் போக வேண்டும் என்றால் இணைக்கும் குறியைத் தொட்டு Document என்பதைத் தேர்ந்து, கோப்பாக அனுப்ப வேண்டும். அப்படி 2 ஜிபி வரை அனுப்பலாம். வாட்ஸ்அப் அதைத் தொடாது. ஒரு சங்கடம், கோப்பாக வந்தது பல போன்களில் கேலரியில் தெரியாது. “வரவே இல்லையே தம்பி” என்பார்கள். வந்திருக்கும், சாட்டுக்குள்ளேயே ஒரு பெயராகக் கிடக்கும். அதைத் திறந்து சேமிக்க வேண்டும்.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். கேலரியில் படத்தைத் திறந்து மேலே தள்ளினாலோ, மூன்று புள்ளியைத் தொட்டு விவரம் பார்த்தாலோ அளவு தெரியும். 6000 × 4000, 9 எம்பி என்று இருந்தால் ஒரிஜினல். 2400 × 1600 என்றால் நான் தந்த PHONE நகல். 1600 × 1067 என்றால் வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு போனில் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்: IMG-20240616-WA0007.jpg என்கிற மாதிரி நடுவில் WA என்று இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது. எங்கள் ஊர் பேனர் கடைக்காரர் இப்போது பென் டிரைவைச் செருகியதும் முதலில் இந்த WA-வைத்தான் தேடுகிறார். பார்த்ததும் ஒரு பெருமூச்சு.

1080 × 720 என்று ஒரு அளவும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது என்னவென்று முதலில் எனக்கே புரியவில்லை. லிங்க்கைத் திறந்து, படத்தைப் போனில் நிமிர்த்திப் பிடித்தபடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலும் கீழும் வெட்டிவிட்டால் வருவது அது. லிங்க்கிலிருந்து இறக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வாட்ஸ்அப்பைவிட அது மோசம்.

இந்தப் பத்தி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக் கல்யாணம் எடுத்தேன். எட்டு மாதம் கழித்து அந்த வீட்டு அப்பாயி இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்ட படம் வேண்டும். அவரைத் தனியாக எடுத்த படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்தது மட்டும். ஆகவே கல்யாணக் குடும்பப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து 12-க்கு 18 அங்குலத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பேரன் நினைத்திருக்கிறான். பென் டிரைவ் எங்கோ போய்விட்டது. அவன் போனில் வாட்ஸ்அப்பில் வந்த படம் இருந்தது. கடைக்குப் போனான். கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டியபோது அப்பாயியின் முகம் கட்டம் கட்டமாக, கோலப்புள்ளி மாதிரி ஆகிவிட்டது.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். அந்தப் படத்தில் இருபத்து நான்கு பேர் நிற்கிறார்கள். ஒரிஜினலின் 6000 புள்ளி அகலத்தில் அப்பாயியின் முகத்துக்குக் கிடைத்தது சுமார் 230 புள்ளி. தோள் வரை சேர்த்து வெட்டினால் 700. வாட்ஸ்அப் நகலில் முகம் 61 புள்ளி. தோள் வரை வெட்டினால் 187. அந்த 187 புள்ளியை 12 அங்குல அகலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்குப் பதினைந்து, பதினாறு புள்ளிதான் வரும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும் என்பது லேப்காரர்கள் கணக்கு. சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்கு 100 இருந்தால்கூடச் சமாளிக்கலாம். பதினைந்தை யாராலும் சமாளிக்க முடியாது.

பையன் என்னிடம் வந்தான். ஒரிஜினல் இருந்தது. ஆனால் அதிலும் அங்குலத்துக்கு 58 புள்ளிதான் வருகிறது, சுமார் ரகம். கூட்டத்தில் ஒருவரை வெட்டி எடுத்துப் பெரிதாக்குவதற்கு 24 மெகாபிக்சலும் போதாது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். பிறகு, தேர்ந்தெடுக்காமல் ஒதுக்கிய படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் தேடினோம். முகூர்த்தத்துக்கு முன் பெண் அழைப்பு நேரத்தில், தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே யாரையோ பார்த்துச் சிரிக்கும் அப்பாயி, சட்டம் நிறைய. பின்னால் ஒரு சமையல்காரர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனதால் அதை ஒதுக்கியிருக்கிறேன். அண்டாவை மறைத்துவிட்டு 12-க்கு 18-இல் போட்டுக் கொடுத்தோம். இன்றும் அந்த வீட்டு முன்னறையில் இருக்கிறது.

அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தால் அந்தப் படம் இருந்திருக்காது. அதையும் கடிதத்தில் எழுதிவிட்டேன்:

“தங்களுக்குத் தந்த 800 படங்களும், தேர்ந்தெடுக்காத மற்றவையும் திருமண நாளிலிருந்து ஓராண்டு வரை எங்களிடம் இருக்கும். அதன்பின் அழித்துவிடுவோம். அழிப்பதற்கு ஒரு மாதம் முன் தங்களுக்குத் தெரிவிப்போம். முழுவதும் வேண்டுமானால் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கித் தந்தால் ஏற்றித் தருகிறோம். ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை.”

ஏன் எப்போதைக்கும் வைத்திருக்கக் கூடாது என்று சண்டை போட்டவர்கள் உண்டு. வருடம் நாற்பது கல்யாணம், ஒவ்வொன்றும் 90 ஜிபி, 3,600 ஜிபி. அதற்கு இரண்டு நகல். ஹார்ட் டிஸ்க்குகள் எப்போதைக்கும் ஓடுவதும் இல்லை. ஒரு ஸ்டூடியோ மூன்று வருடத்துக்கு மேல் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால், எங்கே வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் பதிப்புரிமைக்காரர். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. படம் கல்யாண வீட்டாருடையது. என் ஸ்டூடியோ பக்கத்தில் போட வேண்டுமானால் நான்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். கடிதத்தின் அடியில் அதற்கு ‘சம்மதம் / சம்மதமில்லை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாதிப் பேர் சம்மதமில்லை என்றுதான் போடுகிறார்கள்.

லிங்க் பற்றிக் கடிதத்தில் நான்கு வரி. கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் மெயிலும் சேர்த்தி. நான் காசு கட்டி வாங்கிய இடத்தில் வைத்துத் தருகிறேன், அதனால் கல்யாண வீட்டார் கணக்கில் இடம் பிடிக்காது. லிங்க் கிடைத்தவர் யாரும் திறக்கலாம் என்பதால் அதைக் குடும்பக் குழுவுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பெண்கள் அலங்காரம் செய்துகொள்ளும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. அனுமதி Viewer என்றுதான் இருக்கும். ஆரம்பத்தில் ஒருமுறை விவரம் போதாமல் Editor என்று கொடுத்துவிட்டேன். ஒரு அம்மா தன் போனில் வேண்டாததை நீக்குவதாக நினைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் படங்களை நீக்க, அவை குடும்பம் முழுவதற்கும் மறைந்துபோயின. வேண்டாதது என்று அவர் எதை நினைத்தார் என்பதில் இரண்டு வீட்டுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

லிங்க் அறுபது நாள்தான் திறந்திருக்கும். அதற்குள் கணினியில் PRINT கோப்புறையை மொத்தமாக இறக்கினால், டிரைவ் அதைச் சுருக்கிக் கட்டி, பெரிதாக இருந்தால் இரண்டிரண்டு ஜிபி அளவில் பிரித்துத் தரும். 7.2 ஜிபிக்கு நான்கு கட்டு. முதல் கட்டு வந்ததும் வேலை முடிந்தது என்று கணினியை மூடிவிடுகிறவர்கள் அதிகம். பிரித்துப் பார்த்து 800 இருக்கிறதா என்று எண்ண வேண்டும். அதைவிட, என்னிடமே வந்து பென் டிரைவாக வாங்கிக்கொள்வது சுலபம்.

பென் டிரைவிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கல்யாண வீட்டார் வாங்கிவரும் பென் டிரைவ் சில ‘ஃபேட் 32’ என்ற பழைய அமைப்பில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பு ஏறாது. படங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒன்றரை மணி நேர வீடியோ 8 ஜிபி வரும், அது “too large for the destination file system” என்று திரும்பிவிடும். பென் டிரைவில் இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று பதறுவார்கள். ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் மாற்றினால் ஏறிவிடும். போனிலும் பெரும்பாலும் திறக்கும். பழைய டிவி சில அதைப் படிக்காது. மலிவாக விற்கும் பெரிய கொள்ளளவு பென் டிரைவ்கள் இன்னொரு வகை. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. ஏற்றும்போது மறுப்பே சொல்லாது. கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். தொட்டால் பின்பாதி திறக்காது. அதனால்தான் பென் டிரைவை நானே வாங்கித் தருகிறேன், விலையைப் பில்லில் சேர்த்து.

போன மாதம் ஒரு டெலிவரி. பெண்ணின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடிதத்தை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தார். கடிதத்தின் கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருக்கும்: “பெற்றுக்கொள்ளும்போது முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் என மூன்றைத் தங்கள் போனிலேயே திறந்து, அளவைப் பார்த்து, எண்ணிக்கையை எழுதிக் கையொப்பமிட வேண்டுகிறேன்.” சின்ன ஓடிஜி இணைப்பில் பென் டிரைவைச் செருகி அவர் போனில் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஆறாயிரம், பெருக்கல், நாலாயிரம். ஒன்பது புள்ளி ஒண்ணு எம்பி. சரியா தம்பி?”

“சரி சார்.”

எண்ணிக்கைக் கட்டத்தில் 812 என்று எழுதி, எழுத்தாலும் எழுதி, கையெழுத்துப் போட்டார். தாலி கட்டும் படத்துக்குத் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி மகளின் கண்ணைப் பார்த்தார். இமையில் நின்ற நீர்கூடத் தெரிந்தது.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. பெங்களூர்ல என் தம்பி ஃபிரேம் போடணும்ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். இதை அப்படியே வாட்ஸ்அப்புல தட்டிவிட்டுடவா?”

கடிதத்தை வாங்கி, மூன்றாவது பத்தியில் விரலை வைத்தேன்.